எழுபத்திரண்டாயிரம் யாருடைய வருமானம்?



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஜெராக்ஸ் கடைகளையும் இ-சேவை மையங்களையும் போய்ப் பாருங்கள். கையில் பிளாஸ்டிக் பையோடு தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் மார்க் ஷீட். கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்திருக்கும் தம்பி கேட்பார்: "அத்தாக்கு என்னம்மா வேலை?" "கூலி வேலைப்பா." அடுத்த கேள்வியே கிடையாது. தட்டுகிறார்: 72,000. அடுத்தவர் ஆட்டோ ஓட்டுநர். 72,000. அதற்கடுத்தவருக்குத் தள்ளுவண்டிப் பழ வியாபாரம். 72,000!

என்ன அதிசயம் இது? நசரத்பேட்டை முதல் திருமழிசை வரை எல்லாக் குடும்பமும் ஒரே வருமானத்திலா வாழ்கின்றன? மூட்டை தூக்குபவனும் ஆட்டோ ஓட்டுபவனும் ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம் சம்பாதிக்கிறார்களா?

இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு காலத்தில் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். பிறகு அந்த வரம்பையே அரசு 1,20,000 ஆக உயர்த்திவிட்டது. காப்பீட்டுக்காகப் பழகிய கை இன்னும் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கிறது. உன் மகனின் கல்வி உதவித்தொகைக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை சகோதரனே!

பொய் சொல்லாதே என்று உபதேசம் செய்வது மட்டும் இந்தக் கட்டுரையின் வேலையல்ல. இந்தப் பொய் உனக்குத் தேவையே இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் வேலை. உன் உண்மையான வருமானமே பெரும்பாலும் வரம்புக்குள் இருக்கிறது. அதை எண்ணத் தெரியாததால்தான் நீ பொய்யனாகவும் ஆகிறாய், ஏமாளியாகவும் ஆகிறாய்.

ஒரு குடும்பத்தின் கதை

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். நம் வட்டாரத்துச் சகோதரர் ஒருவர் வந்தார். கட்டட வேலையில் பெரியாள். மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, கடைக்காரர் கொடுக்கும் நைட்டியைப் பீஸ் கணக்கில் தைப்பவர். மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். மகள் ஏழாம் வகுப்பு.

"அஜ்ரத், பையனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்காது போலிருக்கு" என்றார்.

"ஏன் பாய்?"

"மொதல்ல 72 ஆயிரம்னு போட்டேன். வீட்டு வாடகை எவ்வளவுன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. ஐயாயிரத்து ஐந்நூறுன்னு சொல்லிட்டேன். 'அப்போ எதைச் சாப்பிடுறே'ன்னு கேட்டாங்க. ஒரு நாள் கூலி என்னன்னாங்க. எண்ணூறுன்னேன். கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்துட்டு 'உனக்கு ரெண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் வருமானம்யா, லிமிட்டைத் தாண்டிட்டே'ன்னு அனுப்பிட்டாங்க."

எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று நான் எழுதப் போவதில்லை. தனி மனிதரைத் தாக்குவது நம் நோக்கமல்ல. ஆனால் அங்கே நடந்ததைக் கவனியுங்கள். ஒரே மனிதர் காலையில் 72,000 ரூபாய்க்காரர். மாலையில் 2,88,000 ரூபாய்க்காரர்! இரண்டும் பொய். முதல் பொய்யைக் கடைக்காரத் தம்பி சொன்னார். இரண்டாவது பொய்யைக் கால்குலேட்டர் சொன்னது.

முதல் பொய் எப்படி அகப்பட்டது? மாத வாடகை 5,500 என்றால் ஆண்டுக்கு 66,000. 72 ஆயிரத்தில் அதைக் கழித்தால் மீதி 6,000. மாதம் 500 ரூபாயில் நான்கு பேர் சாப்பிட்டு, கரண்டு பில் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள் என்று எந்த அதிகாரி நம்புவார்? அவர் நம்பாதது நியாயம்தான்.

இரண்டாவது கணக்கு? 800 ரூபாயை 30 நாளால் பெருக்கி, 12 மாதத்தால் பெருக்கினால் 2,88,000. இது மாதச் சம்பளக்காரருக்குப் போடும் கணக்கு. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பளம் உண்டு, மழைக்கும் சம்பளம் உண்டு, காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் உண்டு. பெரியாளுக்கு வேலை செய்த நாளுக்கு மட்டும்தானே கூலி! "ஞாயிறை விட்டுவிடுகிறோம்" என்று 26 நாள் போட்டாலும் 2,49,600 வருகிறது. அதில் மனைவியின் தையல் காசைச் சேர்த்தால் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக், தொழிற்கல்வி, முதுகலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு, நம் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் பிள்ளைகள் உட்பட, உதவித்தொகைக்கான குடும்ப வருமான வரம்பு 2,50,000 ரூபாய். ஒரு தவறான பெருக்கலில் பையன் வெளியே!

கூலியை அல்ல, நாட்களை எண்ணு!

அந்தச் சகோதரரிடம் ஒரு முழுத்தாளைக் கொடுத்தேன். "பாய், உங்க கூலி எவ்வளவுன்னு நான் கேட்கலை. போன வருஷம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?" என்றேன். விழித்தார். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும் அஜ்ரத்?"

ஞாபகம் இருக்கிறது, கூப்பிடும் முறையில் கூப்பிட்டால் வரும். கட்டட வேலையில் சனிக்கிழமைதான் சம்பளம். மேஸ்திரியிடம் ஆள் கணக்கு நோட்டு இருக்கும். மறுநாளே அவர் அந்த நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். நோட்டில் இல்லாத மாதங்களுக்கு அடையாளங்களை வைத்துப் பிடித்தோம். பெருநாள் எப்போது? புயல் எப்போது? பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய் சைட் எத்தனை நாள் மூடிக் கிடந்தது? நீங்கள் காய்ச்சலில் படுத்தது எந்த மாதம்?

அரசாங்கக் கணக்கு ஆண்டான ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை எடுத்துக்கொண்டோம். ஏப்ரலில் நோன்பின் கடைசி நாட்களும் பெருநாளும் வந்ததால் 16 நாள். மே 24. ஜூன் 22. ஜூலை 22. ஆகஸ்டில் உடம்பு சரியில்லை, 18. செப்டம்பர் 20. ஆக முதல் ஆறு மாதத்தில் 122 நாள்.

பிறகு வந்தது வடகிழக்குப் பருவமழை. அந்த அக்டோபர் நடுவில் சென்னை வட்டாரத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டது நினைவிருக்கிறதா? நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே! மழையில் யார் கான்கிரீட் போடுவார்? அக்டோபர் 10 நாள், நவம்பர் 8, டிசம்பர் 10. மூன்று மாதத்துக்கும் சேர்த்து வெறும் 28 நாள்!

ஜனவரியில் பொங்கல் போக 18. பிப்ரவரி 22. மார்ச் முழுக்க நோன்பு, வெயிலில் முழு நாள் செங்கல் சுமக்க முடியாமல் 12 நாள். மூன்று மாதத்துக்கு 52.

மொத்தம் 202 நாள். 202-ஐ 800-ஆல் பெருக்கினால் 1,61,600 ரூபாய்.

இனி மனைவியின் தையல். சாதாரண மாதத்தில் கூலியாக வருவது ஏறக்குறைய 2,000 ரூபாய். பெருநாளை ஒட்டிய மார்ச் மாதம் மட்டும் 5,000. பதினொரு மாதத்துக்கு 22,000, அதோடு 5,000 சேர்த்து 27,000. நூல், ஊசி, மிஷின் ரிப்பேர் எல்லாம் அவர் கைக்காசு, ஆண்டுக்கு 3,000. அது போக 24,000.

குடும்ப வருமானம் 1,85,600 ரூபாய்!

வரம்பு இரண்டரை லட்சம். உண்மை ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்து அறுநூறு. அறுபதாயிரத்துக்கும் மேல் இடைவெளி விட்டு உள்ளே நிற்கிறார். இவருக்கு 72,000 என்ற பொய் எதற்கு? சொல்லுங்கள்! தகுதியுள்ளவன் திருட்டு வாசலில் நுழைந்து பிடிபட்டதுதானே நடந்தது!

பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மேஸ்திரியிடமும் கையெழுத்து வாங்கி, வாடகைச் சீட்டையும் இணைத்து அவர் புதிதாக விண்ணப்பித்தார். "வாடகை போக மீதி எவ்வளவு" என்று இப்போது யார் கேட்டாலும் பதில் உண்டு. "முப்பது நாளால் பெருக்கு" என்று யார் சொன்னாலும் நவம்பர் மாதத்தைக் காட்டலாம். சான்று வந்தது.

எதைக் கழிக்கலாம்? எதைக் கழிக்கக் கூடாது?

கூலிக்காரருக்கு வாங்கிய கூலிதான் வருமானம். ஆனால் தள்ளுவண்டி வியாபாரிக்கு? நம்மில் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டால் பெருமையாக "இரண்டாயிரத்து ஐந்நூறு ஓடும்" என்கிறார். அது வருமானமல்ல அய்யா, விற்பனை! கோயம்பேட்டில் பழம் எடுத்தது 1,900. மினி வேனில் பங்கு வாடகை 100. அழுகிப் போனதும் கடைசியில் அடிமாட்டு விலைக்குத் தள்ளியதும் ஒரு 50. மிச்சம் 450. அந்த 450-தான் அன்றைய வருமானம். அதையும் வியாபாரம் நடந்த நாட்களால்தான் பெருக்க வேண்டும். மழையில் வண்டியை எடுக்காத நாளுக்குச் சுழி.

ஆட்டோ ஓட்டுநருக்கும் இதே நியாயம். மீட்டரில் வந்ததில் பெட்ரோல் அல்லது கேஸ், வண்டி வாடகை, ரிப்பேர் போக மீதிதான் வருமானம். தொழிலுக்காகச் செய்த செலவைக் கழிக்கலாம்.

ஆனால் வீட்டு வாடகையைக் கழிக்க முடியாது. மளிகை, பிள்ளைகளின் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, வாரவட்டிக்காரனுக்குக் கட்டியது எதையும் கழிக்க முடியாது. "கையில் ஒன்றும் தங்குவதில்லை, ஆகவே வருமானம் இல்லை" என்று வாதாடாதே. தங்குவது வேறு, வருவது வேறு. அதேபோல் தாயின் வருமானத்தை மறைக்காதே. "பொம்பளைங்க சும்மா வீட்ல தைக்கிறாங்க" என்று ஒதுக்கிவிடுகிறோம். சும்மாவா? இரவு ஒரு மணி வரை மிதிக்கும் மிஷின் சும்மாவா? தந்தை துபாயில் இருந்தால் அங்கிருந்து வரும் சம்பளமும் குடும்ப வருமானம்தான். பாஸ்போர்ட் வெளிநாட்டில் இருக்கிறது என்பதால் பணம் காணாமல் போய்விடாது.

விண்ணப்பம் போகும் வழி

இ-சேவையில் வருமானச் சான்றுக்கு REV-103 என்று எண். கட்டணம் 60 ரூபாய். முதலில் உன் பெயரில் கேன் எண் பதிவு இருக்க வேண்டும். ஒருமுறை பதிந்தால் போதும், மற்றச் சான்றுகளுக்கும் அதுவே. போட்டோ, ரேஷன் கார்டு, ஆதார், உன் சுய உறுதிமொழி ஆகியவற்றை ஸ்கேன் செய்வார்கள். இதோடு பன்னிரண்டு மாதக் கணக்குத் தாளையும் ஸ்கேன் செய்து ஏற்றச் சொல். ஏற்ற இடமில்லை என்றால் விசாரணைக்குப் போகும்போது நேரில் கொடு.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும். அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அதற்கும் மேலே வட்டாட்சியர் அலுவலகம். இதில் முதல் படிதான் முக்கியம். கிராம நிர்வாக அலுவலர்தான் உன்னைக் கேட்பவர், அக்கம்பக்கத்தில் விசாரிப்பவர், பரிந்துரை எழுதுபவர். அவர் கேள்வி கேட்கும் அன்று உன் கையில் தாள் இருந்தால் அவர் அதைப் பார்த்து எழுதுவார். இல்லையென்றால் கால்குலேட்டரைப் பார்த்து எழுதுவார். அவரைக் குறை சொல்லுமுன் நீ என்ன கொண்டு போனாய் என்று யோசி.

இன்னொரு விஷயம். பள்ளிவாசல் லெட்டர் ஹெட்டில் "இவர் ஏழை" என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். தருகிறோம். ஆனால் அது வருமானச் சான்று ஆகாது. 'ஏழை' என்பது தொகை அல்ல. அலுவலகத்துக்கு வேண்டியது தொகையும் அது வந்த வழியும்தான்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் திரையில் பெயரைப் பார். ரேஷன் கார்டில் முகமது, ஆதாரில் முஹம்மது, பள்ளிச் சான்றில் மொகமத்! ஆங்கில எழுத்தில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். வருமானச் சான்றில் உள்ள பெயரும் பள்ளியில் உள்ள பெயரும் ஒத்துப் போகாமல் விண்ணப்பம் திரும்பினால், அங்கே உன் வருமானம் பிரச்சினையே அல்ல, எழுத்துதான் பிரச்சினை. எழுத்தை முதலில் சரி செய்.

நிராகரித்துவிட்டார்களா? காரணத்தை எழுத்தில் பார். "வருமானம் சரியாகக் குறிப்பிடப்படவில்லை" என்றால் கணக்குத் தாளோடு வட்டாட்சியரை நேரில் சந்தி. அங்கும் வழியில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, "எந்த விதிப்படி என் கூலியை முப்பது நாளால் பெருக்கினீர்கள்?" என்று கேள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்தச் சட்டம் 2005-இல் வந்தது. நம் இளைஞர்களில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்?

சான்றே தேவைப்படாத வழிகளும் உண்டு. கவுன்சிலிங்கில் தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரி மாணவருக்கான கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பே கிடையாது. கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் தொடங்கப்பட்டது. அதில் பதிவு பெற்றவரின் பிள்ளைகளுக்குத் தனியாகக் கல்வி உதவி உண்டு. நம் பெரியாள் சகோதரர் பதிவே செய்யவில்லை! பதிவு செய்திருந்தால் அந்த அட்டையே "இவர் கட்டடத் தொழிலாளி" என்பதற்குச் சாட்சியாக நின்றிருக்கும்.

வியாபாரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி!

மூன்று பேர் வேலை செய்யும் கடை. பிரியாணிக் கடையாக இருக்கலாம், கறிக்கடையாக இருக்கலாம், பழைய இரும்புக் கடையாக இருக்கலாம். உங்களிடம் ஆறு வருடமாக வேலை செய்பவன் வந்து, "பாய், என் பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "அதெல்லாம் எழுதிக் குடுத்தா டாக்ஸ்காரன் வருவான், பி.எஃப்.காரன் வருவான்."

யார் வருவான்? பி.எஃப். சட்டம் பொதுவாக இருபது பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு. உங்களிடம் இருப்பதோ மூன்று பேர். கூலி கொடுத்தது உங்களுக்குச் செலவுக் கணக்குதானே, வரவு அல்லவே! செலவை எழுத ஏன் நடுக்கம்? நடுங்குவது சீட்டுக்காகவா, அல்லது எழுதிவிட்டால் கொடுக்கும் கூலி எவ்வளவு குறைவு என்பது வெளியே தெரிந்துவிடும் என்பதற்காகவா?

நான் கேட்பது ஐந்து வரி. ஆளின் பெயர், என்ன வேலை, எத்தனை நாள் வந்தார், நாள் கூலி எவ்வளவு, ஆண்டில் கொடுத்தது எவ்வளவு. கீழே கையெழுத்தும் கடை முத்திரையும். ஐந்து வரி எழுத மறுத்து, ரமலானில் அவன் வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி அனுப்பினால் கணக்கு நேராகிவிடுமா?

இன்னொரு கூட்டமும் நம்மிடம் உண்டு. கடை சொந்தம், மாடி வாடகைக்கு, வாசலில் கார். பிள்ளையின் பெயரில் வருமானச் சான்று மட்டும் எழுபத்திரண்டாயிரம்! "அரசாங்கப் பணம்தானே, எவன் வீட்டுக் காசு?" என்று வியாக்கியானம் வேறு. எவன் வீட்டுக் காசா? எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை எடுத்துக்கொள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு. வரம்பு மூன்றரை லட்சம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 6,695. எண்ணி வைத்த இடம்! பொய்ச் சான்றோடு ஒருவன் உள்ளே ஏறினால், தகுதியான ஒருவன் அங்கிருந்து இறங்குகிறான். அந்த இறங்கியவன் நம் பெரியாளின் ஏழாம் வகுப்பு மகளாகவும் இருக்கலாம். தராசில் கல்லைக் குறைத்து வைப்பவனுக்கும் சான்றில் தொகையைக் குறைத்து எழுதுபவனுக்கும் என்ன வித்தியாசம்? முதலாமவன் ஒரு வாடிக்கையாளனை ஏமாற்றுகிறான். இரண்டாமவன் முகம் தெரியாத ஒரு பிள்ளையின் நான்கு வருடத்தை எடுத்துக்கொள்கிறான்.

2023 ஆகஸ்டில் என்ன செய்தி வந்தது? சிறுபான்மை உதவித்தொகைக்காக ஒன்றிய அமைச்சகம் ஆய்வு செய்த 1,572 கல்வி நிறுவனங்களில் 830 போலி அல்லது செயல்படாதவை என்று அறிவித்தது, விசாரணை சி.பி.ஐ.யிடம் போனது. அந்த மோசடியைச் செய்தவன் கூலிக்காரன் அல்ல. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு ஏழையின் தாளையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்களே, அந்தச் சுமை யார் தலையில்?

அரசே, உனக்கும் ஒரு கேள்வி!

குறையெல்லாம் நம்மிடமா? இல்லை. பொய் சொல்ல வைப்பவனுக்கும் பொய்யில் பங்கு உண்டு.

சச்சார் குழுவின் அறிக்கை 2006-இல் வந்தது. 2008-இல் பத்தாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு ஒன்றிய அரசு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. குடும்ப வருமான வரம்பு ஒரு லட்சம். ஆண்டுகள் ஓடின. கூலி ஏறியது, அரிசி ஏறியது, வாடகை ஏறியது. 2021-22 வரையிலும் அந்த ஒரு லட்சம் மட்டும் ஏறவில்லை! பின்னர் 2022 நவம்பரில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உதவியையே நிறுத்திவிட்டார்கள்.

நம் பெரியாளின் கணக்கை அந்த வரம்போடு ஒட்டிப் பாருங்கள். ஆண்டில் 163 நாள் வேலையின்றி இருந்தவர். வாடகை வீடு. ஆனாலும் அவர் கூலி மட்டுமே 1,61,600. உண்மை சொன்னால் அவர் ஒரு லட்சத்துக்கு வெளியே! இவர் ஏழை இல்லையென்றால் இந்த நாட்டில் யார் ஏழை? வரம்பை அப்படியே உறைய வைத்துவிட்டு, "பொய்ச் சான்று கொடுக்கிறார்கள்" என்று கூலிக்காரனைப் பார்த்து விரல் நீட்டுவது எந்த ஊர் நியாயம்? தேசிய வருவாய்வழித் தேர்வின் வரம்பை ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்றரை லட்சமாக உயர்த்த முடிந்ததல்லவா? மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இங்கே நான் சிரமமான ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் உண்மை வருமானம் ஒரு திட்டத்தின் வரம்பைத் தாண்டினால், அந்தத் திட்டத்துக்குத் தொகையைக் குறைத்து எழுதாதே. வலிக்கும். பக்கத்து வீட்டுக்காரன் குறைத்து எழுதி வாங்கியதைப் பார்க்கும்போது இன்னும் வலிக்கும். ஆனால் நீயும் குறைத்து எழுதினால், "ஒரு லட்சத்துக்குக் கீழே இத்தனை பேர் இருக்கிறார்களே, வரம்பை ஏன் உயர்த்த வேண்டும்?" என்று அரசு உன் சான்றையே எடுத்துக்காட்டும். உன் பொய்தான் அவர்களின் ஆதாரம்! பொய்ச் சான்று கண்டுபிடிக்கப்பட்டால் உதவித்தொகை ரத்தாகும், வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த நோட்டீஸ் வருவது இ-சேவைத் தம்பிக்கு அல்ல, உன் மகன் பெயருக்கு.

எனவே நம் கோரிக்கை தெளிவானது. நாள் கூலிக்காரர்களுக்கென்று தமிழில் ஒரு பக்கப் படிவம் வேண்டும். அதில் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று கட்டம் இருக்கட்டும். சம்பளச் சீட்டு இல்லாதவனிடம் சம்பளச் சீட்டைக் கேட்பதும், கூலியை முப்பதால் பெருக்குவதும் நிற்கட்டும். வரம்புகள் கூலி ஏறும்போது ஏறட்டும்.

அதுவரை இளைஞர்களே, உங்கள் வேலை இதுதான். ஒவ்வொரு மஹல்லாவிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இரண்டு பேர் ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு உட்காருங்கள். முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்று பார்க்காமல், கூலிக்காரர் யார் வந்தாலும் அவருடைய நாட்களை எண்ணி எழுதிக் கொடுங்கள். ஜூனில் அல்ல, ஏப்ரலிலேயே தொடங்குங்கள். மேஸ்திரியின் நோட்டு தொலைவதற்குள் தொடங்குங்கள். தாய்மார்களே, தந்தைமார்களே, இன்றே காலண்டரை எடுங்கள். வேலைக்குப் போன நாளில் ஒரு கோடு, கூலியை அதன் மேல் எழுதுங்கள். போகாத நாளில் ஒரு சுழி. அந்தச் சுழிகள்தான் உங்கள் பிள்ளைக்குச் சாட்சி சொல்லப் போகின்றன.

எழுபத்திரண்டாயிரம் உன் வருமானமல்ல. உன் வருமானத்தை நீயே எண்ணு!